சீட்டு சீட்டாகப் பிரித்தால்தான் நான்கு கட்டம் நிற்கும்: ஒரு தேங்காய் எண்ணெய்க் கூட்டத்தின் பேச்சை ஸ்வாட் அட்டவணையாக்கிய விதம்

ஸ்வாட் என்றால் பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல். நான்கு கட்டம் போடுவது எளிது. ஒன்றரை மணி நேரம் ஆளாளுக்குப் பேசியதை எந்தக் கட்டத்தில் வைப்பது என்பதில்தான் சிக்கல். பெரும்பாலான கூட்டங்களில் எழுதுபவர் காதில் விழுந்ததை விழுந்த இடத்தில் எழுதிவிடுகிறார். கடைசியில் "நல்ல தரம்", "நிதிப் பற்றாக்குறை", "ஆன்லைன் விற்பனை", "போட்டி" என்று எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும் பட்டியல் ஒன்று மிஞ்சுகிறது. 1997-ல் டெர்ரி ஹில், ராய் வெஸ்ட்புரூக் இருவரும் பிரிட்டனில் 20 நிறுவனங்களின் ஸ்வாட் பட்டியல்களை ஆராய்ந்து இதையே எழுதினார்கள். பட்டியல்கள் நீளமாகவும் பொதுப்படையாகவும் இருந்தன, எது முக்கியம் என்ற வரிசை இல்லை, பிறகு திட்டம் போடும்போது யாரும் அவற்றை எடுத்துப் பார்க்கவும் இல்லை.

இங்கே எடுத்துக்கொள்வது பொள்ளாச்சிப் பக்கத்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றின் இயக்குநர் கூட்டம். எந்தக் குறிப்பிட்ட நிறுவனத்தின் பதிவும் இல்லை இது. அந்த வட்டாரத்துத் தென்னை விவசாயிகள் கூடினால் இயல்பாக வரும் பேச்சைச் சேர்த்துக் கட்டிய மாதிரி. நிறுவனத்திடம் கொப்பரைக் களமும் மரச்செக்கும் உண்டு. உறுப்பினர்களிடம் தேங்காய் வாங்கி, உலர்த்தி, ஆட்டி, எண்ணெயாக விற்கிறது. பதிவில் ஒரு பகுதி இப்படி ஓடுகிறது:

"நம்ம எண்ணெய் நல்ல எண்ணெய்ங்க, வாங்குனவங்க யாரும் குறை சொல்லல. கந்தகம் போடாத கொப்பரைன்னு சொல்லித்தான் விக்கறோம். ஆனா போன வருசம் மழையில களத்துல கெடந்த கொப்பரை பூசணம் புடிச்சுப் போச்சு, ரெண்டு மாசம் செக்கே ஓடல. உலர்த்தி ஒண்ணு வாங்கிப் போட்டாச் செரியாப் போயிரும். அதுக்கு பேங்குக்குப் போனா ஆடிட் கணக்கக் கொண்டாங்கறான். ரெண்டு வருசக் கணக்கு முடியாமக் கெடக்குது, எங்க கொண்டு போறது? பேங்க்காரனே நமக்கு எதிரிங்க. இன்னொண்ணு, வெல ஏறுனதும் நம்மாளுகளே காய வியாபாரிக்குக் குடுத்தர்றாங்க. அவன் தோப்புக்கே வந்து, முன்பணமுங் குடுத்து, வண்டில ஏத்திட்டுப் போயர்றான். நாம பதினஞ்சு நாள் கழிச்சுத்தான பணம் தர்றோம்! ரேசன்ல பாமாயிலுக்குப் பதிலாத் தேங்கா எண்ணெய் போட்டா எல்லாமே மாறிரும். கோயமுத்தூர்ல மரச்செக்கு எண்ணெய்னா தேடி வாங்கறாங்க, ஆன்லைன்லயும் போடலாம். வெள்ளை ஈ வேற காய்ப்பக் கொறச்சுருச்சு."

முதலில் இரண்டு வரி

பிரிக்க உட்காருமுன் தாளின் தலையில் இரண்டு வரி எழுத வேண்டும். ஒன்று, எதற்காக இந்த ஆய்வு. இன்னொன்று, "நாம்" என்றால் யார். இந்த இரண்டும் இல்லாமல் தொடங்கினால் ஒவ்வொரு சீட்டுக்கும் சண்டை வரும், சண்டையில் இரண்டு பக்கமும் சரியாகவே இருக்கும்.

இந்தக் கூட்டத்துக்கு எழுதிய இலக்கு: "அடுத்த 12 மாதத்துக்குள் கோவை நகரில் மாதம் 2,000 லிட்டர் மரச்செக்குத் தேங்காய் எண்ணெய் விற்பது." எண் போட்டு எழுதினால் உடனே ஒரு கணக்கு கைக்கு வருகிறது. 2,000 லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 1,840 கிலோ. 100 கிலோ கொப்பரைக்கு 60 கிலோ எண்ணெய் என்று வைத்தால் மாதம் 3 டன்னுக்குச் சற்று மேல் கொப்பரை வேண்டும். ஒரு கிலோ கொப்பரைக்கு 7 காய் என்றால் 21,000 காய்க்கு மேல். இனி யார் எதைச் சொன்னாலும் இந்த 3 டன்னோடு வைத்துப் பார்க்கலாம்.

இலக்கு மாறினால் கட்டம் மாறும் என்பதற்குத் தேங்காய் விலையைவிடத் தெளிவான சான்று கிடையாது. 2025-ல் அரவைக் கொப்பரைக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு ₹11,582. அந்த ஆண்டில் சந்தை விலை அதைத் தாண்டி வெகு மேலே போனது. உறுப்பினரின் காய்க்கு நல்ல விலை வாங்கித் தருவது இலக்கு என்றால் இது வாய்ப்பு. எண்ணெய் விற்பது இலக்கு என்றால் அதே விலை அச்சுறுத்தல். கொப்பரை கிலோவுக்கு ₹100 ஏறினால், 60 சதவீத எண்ணெய்க் கணக்கில், புண்ணாக்கு வரவைக் கழிக்குமுன் எண்ணெய்க்குக் கிலோவுக்குச் சுமார் ₹167 ஏறும். கூட்டத்தில் பாதிப்பேர் தோப்புக்காரர்களாக யோசித்து "நல்ல காலம்" என்பார்கள், செக்கைப் பார்த்துக்கொள்பவர் தலையில் கைவைத்திருப்பார். தலைப்பில் உள்ள வரியைக் காட்டினால் பேச்சு அடங்கும்.

இரண்டாவது வரி எல்லைக்கோடு: "நாம் என்பது நிறுவனம். அதன் இயக்குநர் குழு, ஊழியர், களம், செக்கு, கணக்கு, கொள்முதல் விதி ஆகியவை உள்ளே. உறுப்பினரின் தோப்பு வெளியே." உறுப்பினர்கள் பங்குதாரர்களாயிற்றே, அவர்களை எப்படி வெளியே தள்ளுவது என்ற கேள்வி கட்டாயம் வரும். தோப்பில் எப்போது காய் வெட்டுவது, யாருக்குக் கொடுப்பது என்பதை இயக்குநர் குழு தீர்மானம் போட்டு மாற்ற முடியாது. காய் வாங்கும் விதியை மாற்ற முடியும். அந்த இடத்தில்தான் கோடு விழ வேண்டும்.

ஒரு சீட்டில் ஒரு கூற்று

பதிவைக் கேட்டு எழுதியபின் ஒவ்வொரு கூற்றையும் தனிச் சீட்டாக வெட்ட வேண்டும். பேசும்போது "ஆனா", "அதுக்கு", "இன்னொண்ணு", "வேற" என்று வரும் இடமெல்லாம் வெட்டும் இடம். ஒரே சீட்டில் காரணமும் விளைவும் தீர்வும் ஒட்டிக்கொண்டிருந்தால் அது எந்தக் கட்டத்திலும் உட்காராது. யார் சொன்னது என்பதைச் சீட்டின் பின்பக்கம் எழுதுங்கள். தலைவர் சொன்னது என்பதற்காகவே ஒரு சீட்டு மேலே போய்விடுவதுண்டு.

ஒவ்வொரு சீட்டுக்கும் இரண்டு கேள்வி, இந்த வரிசையில்தான். முதல் கேள்வி: இதை நம் குழு தீர்மானம் போட்டு மாற்ற முடியுமா? முடியும் என்றால் மேல் இரண்டு கட்டம், முடியாது என்றால் கீழ் இரண்டு. அடுத்த கேள்வி: தலைப்பில் எழுதிய இலக்குக்கு இது உதவுகிறதா, தடுக்கிறதா? நல்லது கெட்டது என்ற கேள்வியை முதலில் கேட்டால், பிடிக்காததெல்லாம் "அச்சுறுத்தல்" ஆகிவிடும். நம் கையில் இருக்கும் குறையை ஊரார் தலையில் கட்டுவதற்கு இதுதான் வழக்கமான வாசல்.

வங்கிச் சீட்டு அப்படிப்பட்டது. "பேங்க்காரனே எதிரி" என்பதை அச்சுறுத்தலில் எழுதக் கை போகும். வங்கி கேட்பது தணிக்கை செய்த கணக்கு, அது எல்லோரிடமும் கேட்கும் ஆவணம். நம்மிடம் இரண்டு ஆண்டுக் கணக்கு முடியாமல் கிடக்கிறது, அதை முடிக்க நம்மால் முடியும். ஆக, சீட்டு பலவீனத்துக்குப் போகிறது, வாசகமும் மாறுகிறது: "2 ஆண்டுத் தணிக்கை நிலுவை, அதனால் கடன் விண்ணப்பமே கொடுக்க முடியவில்லை." எதிரி என்ற சொல்லைத் தாளில் எழுத வேண்டாம். ஆனால் சொன்னவரைப் பார்த்து "எந்த ஆவணம் இல்லைன்னு திருப்பினாங்க?" என்று கேளுங்கள். கோபத்துக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒரு ஆவணம் இருக்கும்.

பூசணமும் கந்தகமும்

மழைச் சீட்டைப் பிரித்தால் நான்கு கூற்று கிடைக்கிறது: மழை பெய்தது, கொப்பரை திறந்த களத்தில் கிடந்தது, செக்கு இரண்டு மாதம் நின்றது, உலர்த்தி வாங்க வேண்டும். மழையை அச்சுறுத்தலில் போடச் சொல்லி ஒருவர் அடம்பிடிப்பார். பொள்ளாச்சிக்குத் தென்மேற்குப் பருவமழை ஆண்டுதோறும் வருவது. வரும் என்று தெரிந்த ஒன்றுக்கு ஏற்பாடு இல்லாதது நம் குறை. வழக்கத்துக்கு மாறான பெருமழை என்றால் பேச்சு வேறு.

அடுத்து "உலர்த்தி இல்லை" என்று பலவீனத்தில் எழுத வருவார்கள். "இல்லை" என்று முடியும் சீட்டைக் கண்டால் நிறுத்திப் பாருங்கள், பெரும்பாலும் அது தலைகீழாகத் திருப்பிய தீர்வு. "உலர்த்தி இல்லை" என்று எழுதிய மறுகணமே "உலர்த்தி வாங்கு" என்பதுதான் ஒரே விடையாகிவிடும். நடந்ததை எழுதினால் வழி திறந்திருக்கும்: "மழை மாதங்களில் கொப்பரையின் ஈரத்தை 6–7 சதவீதத்துக்கு இறக்க முடிவதில்லை, 2 மாதம் செக்கு நிற்கிறது." இதற்குச் சூரிய உலர்த்திக் கூடாரம் போடலாம், விறகு உலர்த்தி போடலாம், மழைக்கு முன்பே இரண்டு மாதக் கொப்பரையை உலர்த்தி இருப்பு வைக்கலாம், காய்ந்த கொப்பரையாகவே வெளியில் வாங்கலாம். எது மலிவு என்பதை அப்புறம் பார்க்கலாம். உலர்த்திச் சீட்டு "செய்ய வேண்டியவை" என்ற தனித் தாளுக்குப் போகட்டும்.

இந்தச் சீட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறது, கவனிக்காமல் விட்டால் அருமையான செய்தி ஒன்று போய்விடும். கொப்பரைக்குக் கந்தகப் புகை போடுவதே பூசணம் பிடிக்காமல் இருக்கத்தான். இந்த நிறுவனம் கந்தகம் போடுவதில்லை, அதைச் சொல்லித்தான் விற்கிறது. அப்படியானால் வாடிக்கையாளரைக் கூட்டிவரும் பலமும் மழையில் செக்கை நிறுத்தும் பலவீனமும் ஒரே முடிவிலிருந்து வருகின்றன. அதை இரண்டு சீட்டாக எழுதி இரண்டு கட்டத்திலும் வைத்து, இடையே ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். கோடு இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு யாராவது "கொஞ்சமாக் கந்தகம் போட்டா என்ன?" என்று கேட்டு, பலவீனத்தைத் தீர்க்கப் போய்ப் பலத்தையே அழித்துவிடுவார்கள்.

"யாரும் குறை சொல்லல" என்பது இன்னும் பலமாகவில்லை. பிடிக்காதவர் குறை சொல்லாமலே அடுத்த கடைக்குப் போய்விடுவார். பில் புத்தகத்தைப் புரட்டி, ஆறு மாதத்தில் ஒரு தடவைக்கு மேல் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும். அந்த எண் வரும்வரை சீட்டு "சரிபார்க்க" தாளில் காத்திருக்கட்டும். இன்னொரு சோதனையும் உண்டு: கோவையில் மரச்செக்கு வைத்திருக்கும் எந்தக் கடைக்காரரும் இதே வாசகத்தைத் தன் கடைக்குச் சொல்லலாமா? "நல்ல எண்ணெய்" என்றால் எல்லோரும் சொல்லலாம். "எந்தத் தோப்புக் காய் என்று ஒவ்வொரு எண்ணெய் டின்னுக்கும் சொல்ல முடியும்" என்பதை உறுப்பினரிடம் நேரடியாகக் காய் எடுப்பவர்தான் சொல்ல முடியும். கொள்முதல் பதிவேட்டில் தேதியும் உறுப்பினர் எண்ணும் இருந்தால் அது பலம்.

உறுப்பினர் வியாபாரிக்குக் கொடுப்பது எந்தக் கட்டம்?

இந்தக் கூட்டத்தின் கனமான சீட்டு இதுதான். சிலர் "நம்மாளுகளே துரோகம் பண்றாங்க, பலவீனம்" என்பார்கள். சிலர் "வியாபாரிதான் கெடுக்கறான், அச்சுறுத்தல்" என்பார்கள். தலையை எண்ணி முடிவு செய்தால் பாதி உண்மை தொலையும். பேச்சை மறுபடி படித்தால் மூன்று கூற்று ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும்.

வியாபாரி தோப்புக்கே வந்து முன்பணம் கொடுத்து ஏற்றிப் போகிறார். இது வெளியே நடப்பது, நம் தீர்மானத்தால் நிற்காது, நமக்கு வர வேண்டிய காயைக் குறைக்கிறது. அச்சுறுத்தல். நாம் 15 நாள் கழித்துப் பணம் தருகிறோம், அந்த விதியை எழுதியது நாம்தான். பலவீனம். விலை ஏறியதும் உறுப்பினர் மாறுகிறார் என்பது மற்ற இரண்டும் சேர்ந்ததன் விளைவு. அது எந்தக் கட்டத்துக்கும் தனியாகப் போகாது, மேல் கட்டத்துக்கும் கீழ்க் கட்டத்துக்கும் இடையில் இழுக்கும் கோட்டின் மேல் எழுத வேண்டியது. "உறுப்பினர் விசுவாசம் குறைவு" என்று எழுதி மூடியிருந்தால், அறிவுரைக் கூட்டம் போடுவதைத் தவிர வேறு வழி தெரிந்திருக்காது.

ஆசைகளும் செயல்களும்

"ரேசன்ல தேங்கா எண்ணெய் போட்டா" என்பது தென்னை விவசாயிகளின் நெடுநாள் கோரிக்கை. கோரிக்கை நியாயமானது, ஆனால் அரசாணை வந்து கொள்முதல் தொடங்கும்வரை அது வாய்ப்புக் கட்டத்துக்கு வராது. இந்த இலக்குக்கு அது உதவுமா என்பதிலும் சந்தேகம் உண்டு. ரேஷனுக்குக் கொள்முதல் என்றால் பெரிய அளவு, ஒப்பந்தப்புள்ளி. அது கொப்பரை விலையை ஏற்றினால் கோவையில் லிட்டர் கணக்கில் விற்கும் சின்னச் செக்குக்கு நெருக்கடிதான். "கவனிக்க" என்று குறித்து ஒதுக்கி வையுங்கள்.

"ஆன்லைன்லயும் போடலாம்" என்பது நாம் செய்யக்கூடிய செயல். வாய்ப்பு என்பது நாம் ஒன்றும் செய்யாவிட்டாலும் வெளியே இருப்பது. கோவையில் மரச்செக்கு எண்ணெயைத் தேடி வாங்குகிறார்கள் என்பதுதான் வாய்ப்பு, அதுவும் நான்கைந்து பகுதிகளில் கடை ஏறி விலையும் மாத விற்பனையும் கேட்டபிறகு. கடன் திட்டங்களுக்கும் இதே அளவுகோல்தான். வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் ₹2 கோடி வரையிலான கடனுக்கு ஆண்டுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. வங்கியில் புது விண்ணப்பம் எடுக்கிறார்களா என்று கேட்டு உறுதி செய்தபின் வாய்ப்பில் எழுதலாம். தணிக்கைச் சீட்டுக்கும் இதற்கும் ஒரு கோடு இழுக்க மறக்கக் கூடாது.

வெள்ளை ஈயில் குழப்பம் இல்லை. ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதலில் பதிவானதே 2016-ல் பொள்ளாச்சி வட்டாரத்தில்தான். தோப்பு எல்லைக்கு வெளியே என்று எழுதிவிட்டதால் அச்சுறுத்தல். மாதம் 21,000 காய்க்கு எத்தனை உறுப்பினர் தோப்பு தேவை, அவற்றில் எத்தனையில் காய்ப்பு குறைந்திருக்கிறது என்ற எண்ணைச் சேர்த்து எழுதினால் சீட்டுக்கு எடை கூடும்.

கட்டத்தில் உட்கார்ந்தவை

எல்லாச் சீட்டும் பிரிந்தபின் ஒரே பொருள் உள்ளவற்றைச் சேர்த்து, கட்டத்துக்கு ஐந்துக்கு மேல் போகாமல் நிறுத்த வேண்டும். எதை வைப்பது என்று வாய்விட்டுக் கேட்டால் முதலில் பேசியவர் பின்னால் எல்லோரும் போவார்கள். ஆளுக்கு மூன்று புள்ளி கொடுத்து, பேசாமல் சீட்டில் வைக்கச் சொல்வது நல்லது. நாம் பார்த்த பகுதியிலிருந்து மட்டும் இவ்வளவு தேறுகிறது:

| | இலக்குக்கு உதவுவது | இலக்கைத் தடுப்பது |
|---|---|---|
| உள்ளே | பலம்: கந்தகம் போடாத கொப்பரை, எந்தத் தோப்புக் காய் என்று சொல்லும் பதிவேடு | பலவீனம்: மழை மாதங்களில் ஈரம் இறங்காமல் 2 மாதம் செக்கு நிற்பது, காய்க்கு 15 நாள் கழித்துப் பணம், 2 ஆண்டுத் தணிக்கை நிலுவை |
| வெளியே | வாய்ப்பு: கோவையில் மரச்செக்கு எண்ணெய்க்குத் தேவை (கடைகளில் விசாரித்தபின்), 3 சதவீத வட்டிச் சலுகைக் கடன் (வங்கியில் உறுதி செய்தபின்) | அச்சுறுத்தல்: கொப்பரை விலை ஏற்றம், தோப்பில் முன்பணம் தரும் வியாபாரி, வெள்ளை ஈயால் காய்ப்புக் குறைவு |

ஒதுக்கிய தாள்களில் உலர்த்தி, ஆன்லைன், ரேஷன், "யாரும் குறை சொல்லல" ஆகிய நான்கும் இருக்கின்றன. ஒதுக்கிய தாள்கள் காலியாக இருந்தால் பிரிப்பு நடக்கவில்லை, பேச்சு அப்படியே கட்டத்தில் கொட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். பலம் நிரம்பி வழிந்து பலவீனத்தில் ஒன்றிரண்டே இருந்தால், உள்ளே இருக்க வேண்டியவை அச்சுறுத்தலுக்கு ஓடியிருக்கின்றனவா என்று அந்தக் கட்டத்தின் ஒவ்வொரு சீட்டுக்கும் முதல் கேள்வியை மறுபடி கேட்க வேண்டும்.

அடுத்த வேலை கட்டங்களைக் குறுக்கே படிப்பது. ஹெய்ன்ஸ் வைரிச் 1982-ல் இதற்கென்றே உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இணை சேர்க்கும் முறையை முன்வைத்தார். இங்கே எல்லா இணையையும் போட வேண்டியதில்லை, ஏற்கெனவே இழுத்த கோடுகளே போதும். 15 நாள் பணத்தையும் வியாபாரியின் முன்பணத்தையும் இணைக்கும் கோட்டை எடுத்துக்கொள்வோம். கொப்பரை கிலோ ₹200 என்று வைத்தால் மாதம் 3 டன்னுக்கு ₹6 லட்சம். காய்க்குத் தரும் பணம் கொப்பரை மதிப்பைத் தாண்டாது என்று கொண்டால், 15 நாள் தாமதத்தை ஒழித்துக் கையோடு பணம் தர, கூடுதலாக ₹3 லட்சம் சுழற்சிப் பணம் இருந்தால் போதும். கடன் வேண்டும் என்றால் மறுபடி தணிக்கைச் சீட்டில் வந்து நிற்கும். ஆக, மூன்று பலவீனங்களில் தணிக்கைதான் முதல் வேலை என்பது கூட்டத்தில் யாரும் சொல்லாமலே தாளில் தெரிகிறது.

தாளின் அடியில் தேதியும், அன்றைய கொப்பரை விலையும், "சரிபார்க்க" சீட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் கெடுவும் எழுத வேண்டும்: பில் புத்தகம் எண்ணுபவர், கோவைக் கடைகளுக்குப் போகிறவர், வங்கியில் கேட்பவர். கொப்பரை விலை எந்த அளவுக்கு மேலோ கீழோ போனால் கட்டத்தை மறுபடி பிரிப்பது என்பதையும் அங்கேயே ஒரு வரியில் எழுதிவிடலாம்.